பொழியில் நின்று மலையை அளப்பது

கோவில்பட்டி, கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம் சுற்றுவட்டாரத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் கணக்கு வாத்தியார் இல்லை. நிலம் அளக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கணக்குப் புத்தகத்தில் 'உயரங்களும் தொலைவுகளும்' என்று ஒரு பகுதி வருகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பரீட்சைக்கு அதைப் படித்திருப்பீர்கள். மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அந்தக் கணக்குகளில் ஏற்றக்கோணம் 30, 45, 60 என்று முன்கூட்டியே அச்சாகி வருகிறது. அந்தக் கோணத்தை யார் அளந்தார், எதை வைத்து அளந்தார், அரைப் பாகை பிசகினால் என்ன ஆகும் என்று புத்தகம் கேட்பதில்லை. எங்கள் வேலையில் அதுதான் முழு வேலையும். இந்த லீவில் பாகைமானியையும் நூலையும் எடுத்துக்கொண்டு கழுகுமலைக்கோ குருமலைக்கோ எதிரே போய் நில்லுங்கள். இப்போதுதான் அதற்கு ஏற்ற நேரம். ஐப்பசியில் விதைத்த சோளமும் உளுந்தும் பருத்தியும் எடுத்தாகிவிட்டது. புஞ்சை வெறுமையாகக் கிடக்கிறது. மழை பெய்தால் கரிசலில் கால் வைக்க முடியாது, செருப்போடு ஒரு படி மண் வரும். ஆடி பிறந்துவிட்டால் காற்று நூலை நிற்க விடாது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன?

முதலில் கருவி. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அரைவட்டப் பாகைமானியைத் தலைகீழாகப் பிடியுங்கள். நேர்விளிம்பு மேலே, வளைவு கீழே. நேர்விளிம்பை ஒட்டி ஒரு ஜூஸ் ஸ்ட்ராவோ, ரீஃபில் எடுத்த பால்பாயிண்ட் பேனாக் குழாயோ டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் வழியாகத்தான் மலையுச்சியைப் பார்க்கப் போகிறீர்கள். பாகைமானியின் மையத்திலிருந்து ஒரு நூல் தொங்க வேண்டும், நூலின் முனையில் ஒரு இரும்பு நட்டு. நூல் தையல் நூலாக இருக்கட்டும். சணல் தடிமனாக இருக்கும், ஒரு பாகையை முழுசாக மறைத்துவிடும். கொத்தனார் சுவர் தூக்கு பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டு இருக்கிறதல்லவா, அதே வேலையைத்தான் இந்த நட்டும் செய்கிறது. குழாய் சமமாக இருந்தால் நூல் 90-ல் நிற்கும். குழாயை உயர்த்தி உச்சியைப் பார்த்தால் நூல் 90-ஐ விட்டு நகரும். எவ்வளவு நகர்ந்ததோ அதுவே ஏற்றக்கோணம். நூல் 70-ல் நின்றால் 20 பாகை, 110-ல் நின்றாலும் 20 பாகைதான்.

இதுவரை எல்லாப் பள்ளிக் கண்காட்சி மேசையிலும் பார்த்திருப்பீர்கள். அந்த மேசையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றை நம்பி நான் ஒரு சென்ட் நிலம்கூட அளக்க மாட்டேன். நூல் கட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள், காரணம் தெரியும். பிளாஸ்டிக் பாகைமானியின் 0–180 கோடு அதன் விளிம்பில் இல்லை. விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே ஓடுகிறது. கோணத்தின் மையம் அந்தக் கோட்டின் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் கட்டுவதற்கு வசதி என்று பிள்ளைகள் நூலை விளிம்பில் சுற்றிவிடுகிறார்கள். 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள பாகைமானியில் நூல் 5 மில்லிமீட்டர் தள்ளிக் கட்டப்பட்டால், உண்மையான 20 பாகை 22 ஆகத் தெரியும். 30 பாகை ஏறக்குறைய 33 ஆகத் தெரியும். இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், குழாயைச் சமமாகப் பிடிக்கும்போது நூல் 90-ல் ஒழுங்காகவே நிற்கும். கருவி சரியாக இருக்கிறது என்றே தோன்றும். சாய்க்கச் சாய்க்கத்தான் பிழை வளரும்.

ஆகவே மையத்தில் ஊசியைச் சுடவைத்து ஒரு சிறு துளை போட்டு அதன் வழியாக நூலைக் கட்டுங்கள். பிறகு சோதியுங்கள். வீட்டுச் சுவரில் ஒரு மட்டக்கோடு வேண்டும். பக்கத்தில் எங்காவது கட்டட வேலை நடந்தால் கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டு வாங்கி அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். கோட்டில் 100 சென்டிமீட்டர் அளந்து, அந்த முனையிலிருந்து நேர் மேலே 57.7 சென்டிமீட்டர் அளந்து, இரண்டு முனைகளையும் சேருங்கள். அந்தச் சாய்கோடு 30 பாகை. டேன் 30 என்பது 0.577 என்று நீங்கள் மனப்பாடம் செய்ததுதான். கருவியின் நேர்விளிம்பை அந்தக் கோட்டோடு பொருத்திப் பிடித்தால் நூல் 60-ஐ அல்லது 120-ஐத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் மையத் துளையைத் திருத்துங்கள்.

இன்னொரு பிழை குழாயில் இருக்கும். நேர்விளிம்புக்கு அது இணையாக இல்லாமல் ஒரு மயிரிழை சாய்ந்து ஒட்டப்பட்டிருக்கும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் கண்டுபிடிக்க ஒரு பழைய உபாயம் உண்டு. முப்பது நாற்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, இரண்டிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி போடுங்கள். முதல் கம்பின் குறியருகே கண்ணை வைத்து இரண்டாவது குறியைப் பாருங்கள். நூல் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அங்கே போய் இங்கே திரும்பிப் பாருங்கள். தரை சரிவாகவே இருந்தாலும் பரவாயில்லை. போகும்போது ஏற்றமாகத் தெரிவது வரும்போது அதே அளவு இறக்கமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் 2 பாகை ஏற்றம், மறுபக்கம் பூஜ்யம் என்று வந்தால், தரையின் சரிவு 1 பாகை, மீதி 1 பாகை கருவியின் பிழை. இனி எடுக்கும் ஒவ்வொரு ஏற்றக்கோணத்திலிருந்தும் அந்த 1-ஐக் கழித்துவிட வேண்டியதுதான். பிழை இருக்கிற கருவியை நாங்கள் தூக்கி எறிவதில்லை. பிழை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அது நல்ல கருவி.

இப்போது மலைக்கு வருவோம். பள்ளிக்கூடத்துக் கொடிமரத்தையோ ஊர் மேல்நிலைத் தொட்டியையோ அளப்பது சுலபம். அடிவரை டேப்பைப் பிடித்துக்கொண்டு போகலாம். கோணம் ஒன்று, தூரம் ஒன்று, பெருக்கினால் உயரம். மலைக்கு இது நடக்காது. உச்சிக்கு நேர் கீழே இருக்கும் புள்ளி பாறைக்குள்ளே புதைந்து கிடக்கிறது, அதுவரை எந்த டேப்பும் போகாது. மலையடிவாரம் வரை அளந்து அதையே தூரம் என்று வைத்துக்கொண்டால் உயரம் பெருமளவு குறைந்துபோகும். இந்தத் தப்பைச் செய்துவிட்டுக் கருவியைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காகத்தான் இரண்டு இடங்களில் நின்று பார்க்கிறோம். மலையை நோக்கி ஒரே நேர்கோட்டில் இரண்டு இடங்கள், இரண்டுக்கும் நடுவே அளந்த தூரம். வெள்ளைக்காரர் காலத்தில் லாம்டன் என்கிற அதிகாரி 1802-ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு எஃகுச் சங்கிலி போட்டுத் தரையை அளந்ததும் இதே வகைத் தேவைக்காகத்தான். ஒரு நீளத்தைச் சுத்தமாக அளந்துவிட்டால் மற்றதையெல்லாம் கோணத்தால் பெறலாம். அவர் கோணம் அளந்த தியோடலைட் அரை டன் எடை. 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தில் கயிறு கட்டி அதை ஏற்றும்போது கருவி சுவரில் மோதிச் சேதமானது. அதைச் செப்பனிட்டு எடுத்துக்கொண்டுதான் மேற்கொண்டு தெற்கே வந்து, 1809-ல் நம் திருநெல்வேலிச் சீமையிலும் ஒரு அடிக்கோடு அளந்தார். மரமும் தோப்பும் உள்ள சமவெளியில் பார்வைக்காகக் கோபுரம் கோபுரமாக ஏறவேண்டியிருந்தது அவருக்கு. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அறுப்பு முடிந்த கரிசலில் குறுக்கே நிற்பது சீமைக்கருவேலம் மட்டும்தான். அதை விட்டு விலகிப் போனால் போதும்.

எண்களை வைத்துச் சொல்கிறேன். இவை கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை, எந்த மலையின் அளவும் இல்லை. மலையின் எண்ணை நானே சொல்லிவிட்டால் நீங்கள் அளக்கிறபோது நூல் அந்த எண்ணுக்கே போய் நிற்கும். கண் அப்படிப்பட்டது.

மலைக்கு எதிரே ஒரு பொழியில் நிற்கிறீர்கள். உச்சி 20 பாகையில் தெரிகிறது. அங்கே ஒரு கம்பை நட்டுவிட்டு மலைக்கு முதுகு காட்டி 200 மீட்டர் பின்னால் போகிறீர்கள். அங்கிருந்து உச்சி 12 பாகையில் தெரிகிறது. இனி டேன் அட்டவணையைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். ஒரு உச்சி 12 பாகையில் தெரிந்தால், நீங்கள் நிற்கும் இடத்துக்கும் உச்சியின் நேர்கீழ்ப் புள்ளிக்கும் உள்ள தூரம் மலையின் உயரத்தைப் போல 4.705 மடங்கு. 20 பாகையில் தெரிந்தால் 2.75 மடங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 1.96 மடங்கு. அந்த 1.96 மடங்கைத்தான் நீங்கள் காலால் நடந்து 200 மீட்டர் என்று அளந்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு மடங்கு ஏறக்குறைய 102 மீட்டர். உங்கள் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது. அதையும் கூட்டினால் நூற்று மூன்றே முக்கால். சூத்திரமாக எழுத வேண்டுமானால்,

h = d ÷ (cot A − cot B)

இதில் A தூரத்து இடத்தின் கோணம், B பக்கத்து இடத்தின் கோணம், d நடுவே அளந்த தூரம். பாறைக்குள் புதைந்த அந்தத் தூரம் கணக்கில் வரவே இல்லை, கவனித்தீர்களா? கழித்தலில் அது தானாகக் காணாமல் போய்விட்டது.

ஆனால் அந்தக் கழித்தலே ஆபத்தும் கொண்டுவருகிறது. சின்னப் பாகைமானியில் ஒரு பாகைக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நன்றாகப் பழகிய கண்ணும் அரைப் பாகை தவறும். தூரத்தில் அரைப் பாகை கூடவும், பக்கத்தில் அரைப் பாகை குறையவும் பார்த்துவிட்டால் மேலே சொன்ன 102 மீட்டர் 119 ஆகிவிடும். மாற்றிப் பார்த்தால் 89. இது 200 மீட்டர் பின்னால் போனபோது. சோம்பலில் 50 மீட்டர் மட்டும் பின்னால் போய், 'இதுவும் அதே சூத்திரம்தானே' என்று கணக்குப் போட்டால் என்ன ஆகும்? இரண்டாவது கோணம் 17 பாகைக்குச் சற்று மேலே இருக்கும். 20-க்கும் 17-க்கும் நடுவே மூன்றே பாகை வித்தியாசம். அதில் அரையும் அரையும் தவறினால் விடை 75 மீட்டரிலிருந்து 159 மீட்டர் வரை எங்கே வேண்டுமானாலும் விழும். அப்படி ஒரு விடை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். அப்படியானால் இன்னும் தூரம் போனால் இன்னும் நல்லதா என்றால், அதுவும் இல்லை. 400 மீட்டர் பின்னால் போனால் இரண்டாவது கோணம் எட்டரைப் பாகைக்கு இறங்கிவிடும். எட்டரையில் அரை என்பது பெரிய பங்கு. விடை 91-க்கும் 116-க்கும் நடுவே வரும். இரட்டிப்பு நடைக்குக் கிடைத்த லாபம் கொஞ்சம்தான். நான் சொல்வது இதுதான்: பக்கத்து இடத்திலிருந்து மலையின் நேர்கீழ்ப் புள்ளி எவ்வளவு தூரம் என்று உத்தேசமாக மதியுங்கள். அதில் முக்கால் பங்காவது பின்னால் போங்கள். அதற்குமேல் நடக்கிற நேரத்தை, கோணத்தை நன்றாகப் பார்ப்பதில் செலவிடுங்கள்.

கோணத்தை நன்றாகப் பார்க்கப் பெரிய பாகைமானி வேண்டும். உங்கள் பள்ளியில் கரும்பலகைக்கு வைத்திருக்கும் மரப் பாகைமானி இருக்குமே, அதைக் கணக்கு ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் ஆரம் இருந்தால் ஒரு பாகை நாலு மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கும். அதில் கால் பாகை வரை சுலபமாகப் படிக்கலாம். கால் பாகைக் கணக்கில் 200 மீட்டர் அடிக்கோட்டிலேயே விடை 95-க்கும் 110-க்கும் நடுவே வந்துவிடும். மரப் பாகைமானி கிடைக்காவிட்டால் கெட்டி அட்டையில் நீங்களே வரைந்துகொள்ளலாம்.

பார்க்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழாயில் கண்ணை வைத்து உச்சியைப் பிடிக்க வேண்டும். நூல் ஆடி அடங்கியதும் 'சரி' என்று சொல்ல, மற்றவர் நூலை விரலால் பாகைமானியோடு அழுத்திப் பிடித்துப் படிக்க வேண்டும். படித்த எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. எழுதிக்கொள்ள வேண்டும். ஆளை மாற்றி, திரும்பத் திரும்ப எடுங்கள். முதலில் 20 என்று காதில் விழுந்துவிட்டால் அடுத்தவருக்கும் 20-தான் தெரியும். எல்லாரும் எழுதி முடித்த பிறகு சராசரி எடுங்கள். கை நடுக்கமும் காற்றும் செய்த பிழை சராசரியில் கரையும். ஆனால் குழாய் சாய்ந்து ஒட்டப்பட்ட பிழை கரையாது, நூறு தடவை பார்த்தாலும் நூறிலும் அது இருக்கும். இரண்டு கோணமும் ஒரே மாதிரி ஒரு பாகை கூடித் தெரிந்தால், 12-ம் 20-ம் 13-ம் 21-ம் ஆகி, மலை 102-லிருந்து 116 மீட்டராக வளர்ந்துவிடும். கம்பு நட்டு முன்னும் பின்னும் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் கரிசலில் கானல் ஆடத் தொடங்கும், மலையின் விளிம்பே நெளியும். கோவில்பட்டியிலிருந்து போகிறவர்களுக்குக் கழுகுமலை மேற்கே இருக்கிறது. காலையில் அதன் கிழக்குப் பக்கம் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், பாறை முழுக்க வெளிச்சம். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் சூரியன் குழாய்க்குள்ளே வரும். குழாய் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.

இனி அந்த 200 மீட்டர். கோணத்தில் இவ்வளவு கவனம் வைத்துவிட்டு, தூரத்தைக் காலடியால் எண்ணிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அடிக்கோட்டில் பத்தில் ஒரு பங்கு தவறினால் உயரத்திலும் பத்தில் ஒரு பங்கு தவறும், அதில் தள்ளுபடி கிடையாது. 30 மீட்டர் டேப் ஒன்றை வாடகைக்கோ இரவலாகவோ வாங்குங்கள். இல்லாவிட்டால் நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். நன்றாக முறுக்கிய, நீளாத கயிற்றில் 20 மீட்டர் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். கரிசல் வெடிப்புகள் சித்திரையில் கால் நுழையும் அகலத்துக்கு இருக்கும். டேப் அதற்குள் தொங்கினால் நீளம் கூடிக் காட்டும். கட்டாந்தரையான வண்டித் தடமோ பொழியோ பார்த்துப் போடுங்கள். நேர்கோடு தப்பாமல் இருக்க ஒரு வழி: பின்னால் நிற்கிறவர் பார்க்கும்போது முன்னால் நட்ட கம்பு உச்சிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். போய் அளந்ததைத் திரும்பி வந்தும் அளக்க வேண்டும். இரண்டும் சில சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் எழுதிக்கொள்ளலாம். ஒரு முழு டேப் நீளம் வித்தியாசம் வந்தால் எண்ணிக்கையில் ஒன்றை விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இது எங்களுக்கும் நடந்ததுதான், சங்கிலி பிடிக்கிற எல்லாருக்கும் நடப்பதுதான். உங்கள் வீட்டுப் புஞ்சையாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. அப்பாவிடம் நிலத்தின் எஃப்எம்பி புலப்படம் இருக்கிறதா என்று கேளுங்கள். சர்வே கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம் என்று மீட்டரில் அதில் போட்டிருக்கும். கல் இடம் மாறாமல் இருந்தால் உங்கள் டேப்பை அதை வைத்துச் சரிபார்க்கலாம். கல் இடம் மாறியிருந்தால் அது வேறு கதை, அதைப் பக்கத்துப் புஞ்சைக்காரரோடு பேசிக்கொள்ளட்டும்.

கரிசல் காட்டைப் பார்த்தால் பாய் விரித்த மாதிரி சமமாகத் தெரியும். உண்மையில் ஓடையை நோக்கி மெல்லச் சரிந்துகொண்டே இருக்கும். பக்கத்து இடம் தூரத்து இடத்தைவிட 2 மீட்டர் மேடாக இருந்தால், அதை 2.75-ஆல் பெருக்கி வரும் ஐந்தரை மீட்டரை அடிக்கோட்டிலிருந்து கழித்துக் கணக்குப் போட வேண்டும். அப்போது 102 வந்த இடத்தில் 99 வரும், தூரத்து இடத்தின் கண் மட்டத்திலிருந்து. மேடு எவ்வளவு என்று அறிய, தூரத்து இடத்திலிருந்து பக்கத்துக் கம்பில் கண்ணளவு உயரத்தில் போட்ட குறியைக் கருவியாலேயே பாருங்கள். 200 மீட்டரில் அரைப் பாகை ஏற்றம் என்றால் ஒன்றே முக்கால் மீட்டர் மேடு. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், தண்ணீர் கொஞ்சம் கிடக்கிற கண்மாயாகப் பாருங்கள். காற்றில்லாத காலையில் தண்ணீரின் ஓரம் முழுக்க ஒரே மட்டம். ஓரத்தில் இரண்டு புள்ளிகள் மலையோடு ஒரே கோட்டில் அமைந்துவிட்டால் சரிவுத் திருத்தம் தேவைப்படாது. நடுவே தண்ணீர் குறுக்கிட்டு டேப் போட முடியாமல் போகலாம்; அப்போது கரையேறித் தரையிலேயே அடிக்கோடு போட்டு, சரிவுத் திருத்தத்தோடு அளந்துகொள்ளுங்கள்.

மலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உச்சி என்று எதைப் பார்க்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மொட்டைப் பாறை மலைகள் வழுக்கையாக உருண்டு இருக்கும். பக்கத்தில் நின்றால் பாறையின் தோள்பட்டை உண்மையான உச்சியை மறைக்கும். தூரத்திலிருந்து உச்சியையும், பக்கத்திலிருந்து தோள்பட்டையையும் பார்த்துவிட்டு இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் எந்த மலையின் உயரமும் வராது. ஆகவே இரண்டு இடத்திலிருந்தும் ஐயமில்லாமல் தெரிகிற ஒரு அடையாளம் வேண்டும்: ஒரு தனிப் பாறை, ஒரு கம்பம், கோயில் கலசம், எதுவானாலும் சரி. ஊருக்குள்ளேயே பழக விரும்பினால் கதிரேசன் கோயில் இருக்கும் சொர்ணமலையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். குருமலை காப்புக்காடு. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் வெளியே புஞ்சையில் நின்று அளப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம், புஞ்சைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கழுகுமலையில் வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன, அங்கே பாறையில் சுண்ணாம்புக் குறி போடுகிற வேலையெல்லாம் கூடவே கூடாது. குறி போட வேண்டியது உங்கள் கம்பில் மட்டும்.

விடை சரியா என்று எப்படித் தெரியும்? படி ஏறிப் போகிற மலையாக இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. அடியிலிருந்து படிகளை எண்ணிக்கொண்டே போங்கள். பத்துப் படிக்கு ஒரு படியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பழைய படிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, ஆகவே ஒரே படியை அளந்து பெருக்கிவிடாதீர்கள். சராசரி உயரத்தைப் படி எண்ணிக்கையால் பெருக்கினால் படி போகிற இடம் வரை உயரம் கிடைக்கும். அதே இடத்தைக் கீழிருந்து கருவியாலும் அளந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதில் கோணமே இல்லை, ஆகவே கோணத்தில் நீங்கள் செய்த தப்பு இதற்குள் நுழையாது. வரைபடத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். நீங்கள் அளந்தது புஞ்சைத் தரையிலிருந்து. கோவில்பட்டி தரையே கடல் மட்டத்துக்கு நூறு மீட்டர் அளவு மேலே இருக்கிறது. ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு எண் போடுவது வழக்கம், அது அந்த இடம் கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்று சொல்வது. அதை வைத்துத் தோராயமாக ஒப்பிடலாம். தண்டவாளத்துக்கும் உங்கள் புஞ்சைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு மட்டும் பாக்கி.

விடையை எழுதும்போது '102.19 மீட்டர்' என்று எழுதாதீர்கள். கால்குலேட்டர் அப்படித்தான் காட்டும். அந்த .19-ஐ உங்கள் நூல் பார்க்கவில்லை. கருவி எது, அடிக்கோடு எவ்வளவு, கோணங்கள் எத்தனை தடவை எடுத்தது, குழாய்ப் பிழை எவ்வளவு கழித்தது என்று எழுதிவிட்டு, '95-க்கும் 110-க்கும் நடுவே' என்று முடியுங்கள். இரண்டு குழு இரண்டு பக்கமிருந்து ஒரே மலையை அளந்து, ஒன்றுக்கு 98-ம் மற்றதற்கு 107-ம் வந்தால் சண்டை போட வேண்டாம், இரண்டும் ஒத்துப்போகின்றன என்றே பொருள். ஒன்றுக்கு 98-ம் மற்றதற்கு 140-ம் வந்தால் கோணத்தைத் திரும்பப் பார்ப்பதற்கு முன்னால் அடிக்கோட்டை அளந்து பாருங்கள். அதிலும் பிசகில்லை என்றால் இரண்டு குழுவும் ஒரே அடையாளத்தைத்தான் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற நில அளவைக்காரன்